கூலிங் கிளாஸ் உருகுகிறது, ஹெல்மெட் பட்டை மறைகிறது: எதை மாற்றுவது, எதை விடுவது?

“கல்லட்டிச் சாலையில் எடுத்த குறும்படம். பைக்கை டூப் ஓட்டினார். இரண்டு பேர் சம்மதத்தோடும் அவர் முகத்தில் நடிகரின் முகத்தை வைக்கிறோம். கூலிங் கிளாஸ் உருகின மாதிரி தெரியுது, ஹெல்மெட் பட்டை வந்து வந்து போகுது. கண்ணாடியையும் சேர்த்துப் புதுசா உருவாக்கணுமா?” – வாசகர், ஊட்டி

வேண்டாம். கண்ணாடி, ஹெல்மெட், பட்டை மூன்றும் டூப்பின் அசல் காட்சியிலிருந்தே வரட்டும். மூக்கு நுனி, கன்னம், வாய், தாடை ஆகிய இடங்களின் தோலை மட்டும் புதிதாக்குங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவரை நாம் அடையாளம் காண்பது இவற்றை வைத்துத்தான்.

உருகுவதற்குக் காரணம் இது. முகம் மாற்றும் ஸ்வாப் மாடல் முகத்தை ஒரு சதுரமாக வெட்டி, அதிலுள்ள எல்லாவற்றையும் திரும்ப வரைகிறது. பரவலாகப் புழங்கும் `inswapper_128` அந்தச் சதுரத்தை 128 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். கண்ணாடியின் மெல்லிய விளிம்பு அதில் தாங்காது. முகம் மாற்றும் மென்பொருளான FaceFusion-இல், எந்தப் பகுதி மாற வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க்கின் வகை `box` மட்டும் என்றிருந்தால் அந்தச் சதுரம் அப்படியே ஒட்டப்படும். `occlusion`-ஐயும் சேர்த்தால், முகத்தை மறைக்கும் பொருட்களை அது விலக்கப் பார்க்கும்.

பட்டை விட்டுவிட்டு மறைவது வேறு சிக்கல். மாஸ்க் ஒவ்வொரு பிரேமுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால், ஒல்லியான பட்டை சில பிரேம்களில் பிடிபடாது. அதைக் கையால் வரைந்த மாஸ்க்கோடு டிராக் செய்து, அசல் காட்சியிலிருந்து மேலே வையுங்கள். மாஸ்க்கைப் பட்டையின் ஓரத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பிக்சல் தோல் பக்கம் தள்ளுங்கள். பட்டை கன்னத்தில் பதிக்கும் மெல்லிய நிழல் அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் பட்டை முகத்தில் படாமல் மிதப்பது போல இருக்கும். கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் இதே கணக்குத்தான். ஆனால் இருவரின் தோல் நிறமும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் அந்த இடைவெளி ஒரு கோடாகத் தெரியும். அதனால் முதலில் நிறத்தைச் சரிசெய்யுங்கள்.

கண் லேசாகத் தெரியும் சாயக் கண்ணாடி என்றால் வேலை கூடும். கண்ணையும் மாற்றி, அதன் மேல் கண்ணாடியின் சாயத்தையும் பிரதிபலிப்பையும் திரும்பப் போட வேண்டியிருக்கும். உங்களுடையது கறுப்பு என்றால் அதற்குள் கையே வைக்காதீர்கள். வளைவில் திரும்பும்போது அதில் நகரும் மரங்களும் சாலையும் எந்த மாடலுக்கும் சரியாக வராது. முகத்தைத் தெளிவாக்கும் என்ஹான்சரை ஓட்டுவதானால், கண்ணாடியைத் திரும்ப வைப்பதற்கு முன்பே ஓட்டிவிடுங்கள். பின்னால் ஓட்டினால் கறுப்பு லென்சுக்குள் கண் வரையப் பார்க்கும்.

அப்புறம் மூடுபனி. நம்ம மலையில் தூர ஷாட்டில் கறுப்பு நிறமே சாம்பலாகத்தான் இருக்கும். புது முகத்தின் மூக்குத் துளை, ஹெல்மெட் உள்பஞ்சை விடக் கறுப்பாக இருந்தால் முகம் மட்டும் பனிக்கு முன்னால் வந்து நிற்கும். முகத்தின் கறுப்பை அந்தப் பஞ்சின் அளவுக்கு உயர்த்துங்கள்.

முடித்ததும் அசல் காட்சியை மேல் லேயரில் வைத்து, பிளெண்டை `Difference` ஆக்கிப் பாருங்கள். கண்ணாடியும் பட்டையும் ஹெல்மெட்டும் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். கண்ணாடி இருக்கும் இடத்தில் வெளிச்சம் மினுங்கினால், அந்தப் பிரேமில் மாஸ்க் நழுவியிருக்கிறது.