பதில் போட வேண்டாம் அண்ணா

கேள்வி: எங்கள் துறையில் பெரிய ஆள் ஒருவருடன் ஒரே ஒரு முறை காபி குடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். அந்தப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. எத்தனை நாளைக்கு ஒரு முறை மெசேஜ் போடலாம்? தொல்லை என்று நினைத்துவிட மாட்டாரா?

பதில்:

அவர் மூலம் என்றைக்காவது ஒரு வேலை வரும் என்ற எண்ணம் உங்களுக்கு உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். கூச்சப்பட ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் முதலில் கெடுத்தும் கொண்டேன்.

2014 ஆகஸ்ட். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த, தரம் பார்க்கும் க்யூசி மேனேஜர் ஒருவருக்குக் கார் வரத் தாமதம். பக்கத்து பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். காபி, தேங்காய் பன், நாற்பது நிமிடம். அவ்வளவுதான் எங்கள் சந்திப்பு.

அன்று என் தலைவலியைச் சொன்னேன். லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட், வெட்டும்போது அளவு சரியாக இருக்கிறது, தைத்து முடித்து அளந்தால் நீளம் குறைகிறது. அவர் சிரித்துவிட்டு, “ரோல்ல சுத்தும்போது துணி இழுபட்டிருக்கும் தம்பி. பிரிச்சுப் போட்டு 24 மணி நேரம் தளர விட்டுட்டு அப்புறம் வெட்டிப் பாருங்க” என்றார். பேச்சுவாக்கில் மகள் ஒன்பதாம் வகுப்பு படிப்பதையும் சொன்னார். வீட்டுக்குப் போய் இரண்டையும் டைரியில் எழுதி வைத்தேன். நன்றி என்று இரண்டு வரி மெசேஜ் அன்று இரவே போட்டேன். அதை எல்லோரும் செய்வார்கள், அதில் விசேஷமில்லை.

விசேஷம் ஐந்து வாரம் கழித்து அனுப்பியதில்தான். அடுத்த லாட் துணி வந்ததும் கட்டிங் மாஸ்டரிடம் சண்டை போட்டு, பாதியை மட்டும் ஒரு நாள் விரித்துப் போட்டு வெட்ட வைத்தேன். அளந்து பார்த்துவிட்டு அவருக்கு எழுதினேன்: “அண்ணா, பேக்கரியில் சொன்னீங்களே, துணியை ஒரு நாள் விட்டு வெட்டச் சொல்லி. பாதி லாட்டை அப்படி வெட்டினோம், அளவு நிக்குது. மீதி பாதி ஒன்றரை சென்டிமீட்டர் குறையுது. மாஸ்டர் இன்னும் ஒத்துக்கலை. தகவலுக்குத்தான், பதில் போட வேண்டாம்.”

பத்து நிமிடத்தில் போனே பண்ணிவிட்டார். துணியின் எடை, அதாவது ஜிஎஸ்எம் எவ்வளவு, லைக்ரா எத்தனை சதவீதம் என்று ஒரே கேள்வி. யோசித்துப் பாருங்கள், அவர் மாதிரி ஆட்களிடம் யோசனை கேட்பவர்கள் ஏராளம். செய்து பார்த்தேன், இப்படி ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்பவர் யாருமில்லை. அந்த ஒரு மெசேஜுக்குத்தான் என் பெயர் அவர் மனதில் நின்றது.

சரி, கெடுத்த கதை. அந்த உற்சாகத்தில் தினமும் காலை வணக்கம் படம், பொங்கலுக்குக் கரும்பு படம், அப்புறம் நான்காவது மாதம் என் ரெஸ்யூம். “உங்க ஆபீசில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கண்ணா.” பதில்கள் முதலில் ஒரு வரியாகச் சுருங்கின, பிறகு கட்டைவிரல் படமாயின, பிறகு வெறும் நீல டிக் மட்டும். பதில் சுருங்க ஆரம்பித்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவருக்குச் சங்கடம் என்னவென்றால், வேலை இல்லை என்று சொல்லவும் மனமில்லை, சொல்லாமல் பேசவும் முடியவில்லை. எட்டு மாதம் சும்மா இருந்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் அவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டும். ஒரு டையிங் ஷேடு பிரச்சினையைத் தீர்த்த விஷயத்தை இரண்டு வரியில் அனுப்பினேன், ரெஸ்யூம் பேச்சே இல்லாமல். “குட்” என்று வந்தது. போதும்.

அதற்குப் பிறகு கணக்கு, ஐந்தாறு மாதத்துக்கு ஒன்று. அதுவும் தேதி பார்த்து இல்லை, காரணம் பார்த்து. மகள் 2014இல் ஒன்பதாவது என்றால் 2018 மார்ச்சில் பிளஸ் டூ. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால், “பாப்பா நல்லா எழுதட்டும் அண்ணா” என்று மட்டும் போட்டேன். ரிசல்ட் அன்று வேண்டுமென்றே போடவில்லை. மார்க் குறைந்திருந்தால் அவர் என்ன பதில் சொல்வார்? ஜூலையில் அவரே எந்தக் கல்லூரி என்று எழுதினார். நான்கு வருடத்துக்கு முன் சொன்னதை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். டைரி என்று உண்மையைச் சொன்னேன்.

இங்கே சிலர் வருவார்கள், “டைரியில் குறித்துவைத்து அன்பு காட்டுவது நடிப்பு” என்று. சொந்த அத்தை பையன் பிறந்தநாளைக்கூட நான் காலண்டர் பார்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு ஞாபகசக்தி குறைவு, அக்கறை குறைவில்லை. அப்புறம், ஐந்தாறு மாதம் ரொம்ப இடைவெளி என்பவர்களுக்கு: மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள் என்று விசாரித்த கணக்கு இருக்கிறது. நூற்றுக்கு 56 பேருக்கு, வாரம் இரண்டு முறைக்குக் குறைவாகவும் வருடம் ஒரு முறைக்கு மேலாகவும் பார்த்தவர். அடிக்கடி பார்த்தவர் மூலம் கிடைத்தது 17 பேருக்குத்தான். அவர் விசாரித்த ஆட்கள் கொஞ்சம்தான், அதையே வேதமாக எடுக்க வேண்டாம்.

நடுவில் ஒன்று. நான் முதல் கம்பெனியை விட்டபோது ஆபீஸ் சிம்மைப் பிடுங்கிக்கொண்டு, ரிலீவிங் லெட்டரை மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். நான்கு வருடம் ராத்திரி பதினொரு மணிக்கும் ஷிப்மென்ட்டுக்கு நின்றவனுக்கு அந்த மரியாதை. ஹெச்ஆர் மேஜை முன்னால் நின்ற நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்த சிம்மோடு நூறு நம்பர்கள் போயின, டைரியில் இருந்ததால் இவர் நம்பர் தப்பியது. சொந்த நம்பரையே கொடுங்கள்.

2020 ஊரடங்கில் ஆர்டர்கள் ரத்தாகி, அந்த பையிங் ஆபீசில் ஆட்களைக் குறைத்தார்கள். அண்ணனும் வெளியே. அதுவரை தினமும் நூறு அழைப்பு வந்த போன் ஒரே வாரத்தில் அடங்கிவிட்டது என்று பிறகு சொன்னார். நான் அப்போது மட்டும் என் ஐந்து மாதக் கணக்கை மீறினேன். வாரம் ஒரு முறை கூப்பிட்டேன். வேலை பற்றிக் கேட்கவில்லை, சாயம் போடும் முன் சின்னத் துண்டில் நிறம் பார்க்கும் லேப்-டிப் பற்றிச் சந்தேகம் ஒன்றைக் கேட்டேன், அவர் ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்கு நிஜமாகவே தெரியாத விஷயம்தான் அது, சும்மா கேட்கவில்லை.

2021இல் அவர் சொந்தமாக இன்ஸ்பெக்‌ஷன் சர்வீஸ் ஆரம்பித்தார். மறு வருடம் நூல் விலை எகிறி எங்கள் கம்பெனி தள்ளாடியபோது, நான் கேட்காமலே அவருக்குத் தெரிந்த ஒரு கம்பெனி முதலாளியிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். சீனியர் மெர்ச்சண்டைசராக அங்கேதான் இப்போது இருக்கிறேன்.

எல்லோரிடமும் இது நடக்காது. அதே காலத்தில் இதே மாதிரி காபி குடித்த இன்னும் ஏழு பேர் டைரியில் இருக்கிறார்கள். ஐந்து பேர் இரண்டாவது மெசேஜோடு சரி. தொடர்ந்து இரண்டு முறை பதில் வராவிட்டால் ஒரு வருடம் விட்டுவிடுவேன், அதற்கப்புறமும் ஒரு முறைதான்.

2024இல் பாப்பா கல்யாணப் பத்திரிகையை அண்ணன் நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். அன்று அவருக்கு அவசரம், காபிகூடக் குடிக்கவில்லை.