உறுமுவதை நிறுத்திவிட்டேன் என்கிறீர்களே, தம்பி

அன்புள்ள அம்மா,

திருகோணமலை நகரில், மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருக்கிறேன். மாமா, மாமி, மச்சான், மனைவியின் அக்கா, அவருடைய கணவர், அவர்களின் இரண்டு வயது மகன் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ்தான். கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்து வளர்த்தேன். பெயர் பிரவுணி. இப்போது ஒன்றரை வயது.

வீடியோக்கள் பார்த்து, வேலையால் வந்த களைப்போடும் நேரம் ஒதுக்கி, அதைப் பழக்குகிறேன். நான் 'சிட்' என்றால் மாமி 'குந்து' என்கிறார், மாமா 'இரு' என்கிறார். நான் 'டவுன்' என்றால் படுக்க வேண்டும். மச்சான் சோபாவிலிருந்து இறக்க அதே 'டவுனை'ச் சொல்கிறார். கோட்டைப் பக்கம் கொண்டுபோனால் மானைக் கண்டதும் மச்சான் 'சூ' காட்டுவார். நான் 'வா, வா' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். மாமி கோயிலுக்குப் போகும் நாட்களில் கிட்ட வந்தாலே 'அடிக்' என்று துரத்துவார். மற்ற நாட்களில் மடியில் தலை வைக்க விடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை மாமாதான். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரவில் சாப்பிடும்போது மேசைக்குக் கீழே மீன் துண்டு போடுவார். நான் 'விடு' என்று அதன் வாயிலிருந்து பறிப்பேன். 'பாவம் தம்பி, வாயில்லாச் சீவன்' என்பார். அடுத்த நாளும் அதே கதை. அவர் வீடு, அவருக்கு நான் என்ன சொல்வது? மனைவியிடம் சொன்னால், 'அப்பாவைத் திருத்தப் போறீங்களோ' என்று கேட்கிறாள்.

என் பழக்கத்தால் பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. பறிக்கும்போது முன்பெல்லாம் உறுமும். பேப்பரைச் சுருட்டி மூஞ்சியில் இரண்டு தட்டு தட்டி அதை நிறுத்திவிட்டேன். இப்போது சத்தமே இல்லை, தட்டுக்கு மேல் குனிந்து அப்படியே விறைத்து நிற்கும். சின்னவன் கிட்டப் போனாலும் அப்படித்தான். ஆனால் நான் கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை. இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொல்லும் வீட்டில் ஒரு நாயை எப்படிப் பழக்குவது?

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் 'சிட்', 'குந்து', 'சூ' எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். 'சின்னவன் கிட்டப் போனாலும் அப்படித்தான்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு பதறியது. அதை நீங்கள் பழக்கத்தின் வெற்றியாகக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இன்றைக்கு இருக்கும் ஒரே அவசரம் அதுதான்.

சாப்பாட்டை யாராவது பறிப்பார்கள் என்று பயப்படும் நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும். பிறகு தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் பக்கவாட்டில் ஓட்டிப் பார்க்கும், அப்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும். வாய் மூடி, உடம்பு இறுகி, மென்று கொண்டிருந்தது சட்டென்று நிற்கும். அதற்கும் ஆள் விலகாவிட்டால் உறுமும். அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது பல் மட்டும்தான். இந்த வரிசையில் மனிதர் எல்லோருக்கும், இரண்டு வயதுப் பிள்ளைக்கும்கூடக் காதில் விழக்கூடியது உறுமல் ஒன்றுதான். அடித்து அதை நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அந்த விறைப்பு ஓரிரண்டு விநாடிக்கு மேல் நீளாமலும் போகலாம். சின்னவனுக்கு அது விளங்காது. அவனுடைய முகம் நாயின் வாயின் உயரத்தில்தான் இருக்கிறது.

பிரவுணி ஏன் இப்படியானது? மாமா மீன் போடுகிறார், நீங்கள் பறிக்கிறீர்கள். இரவுக்கு இரவு இது நடந்தால் நாய் என்ன படிக்கும்? சாப்பாடு கிடைத்த உடனே ஒரு ஆள் வந்து எடுத்துவிடுவார் என்று படிக்கும். மீன் கொடுத்ததை விட, கொடுத்ததை வாயிலிருந்து பிடுங்கியதுதான் அதை இப்படிக் காவல் காக்க வைத்தது. இது உங்களுக்குக் கசக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது உங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி. ஒரே காரியத்துக்கு மூன்று சொல் இருப்பது நாய்க்குப் பெரிய சிக்கல் இல்லை. உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் நல்லது நடக்கிறது என்றால் 'சிட்', 'குந்து', 'இரு' மூன்றையும் அது படித்துக்கொள்ளும். சொல்லை விட நம் கையசைவையும் உடம்பு நிற்கும் விதத்தையும்தான் நாய்கள் கூர்ந்து பார்க்கின்றன. ஒரே சொல்லுக்கு இரண்டு முடிவு இருந்தால்தான் நாய் தடுமாறும். 'டவுன்' அப்படிப்பட்டது, மச்சான் சோபாவுக்கு 'இறங்கு' என்று சொன்னால் அது தீர்ந்துவிடும். 'வா' இன்னும் மோசம். மாமா 'வா' என்றால் மீன் கிடைக்கிறது. நீங்கள் 'வா' என்று கத்தும்போதெல்லாம் மான் துரத்தும் விளையாட்டு முடிகிறது, அனேகமாகச் சங்கிலியும் ஏறுகிறது. நீங்கள் கூப்பிட்டால் மட்டும் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறொரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் ஒவ்வொரு முறையும் நல்ல துண்டு ஒன்று கொடுங்கள், கொடுத்த கையோடு கட்டிப் போடாதீர்கள். அது பழகும் வரைக்கும் மான் மேயும் பக்கம் கயிறு இல்லாமல் கொண்டுபோக வேண்டாம். மச்சானின் 'சூ'வும் அன்றோடு நிற்க வேண்டும்.

இனி மாமா. அவர் செய்வதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் நீங்கள் நேரே சொன்ன ஒரு வசனத்தைக்கூட நான் காணவில்லை. 'அவர் வீடு, அவருக்கு நான் என்ன சொல்வது' என்பதோடு அது நின்றுவிடுகிறது. மனைவியின் வீட்டில் இருக்கும் மருமகனுக்கு வரும் அந்தத் தயக்கம் எனக்கு விளங்குகிறது, அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் மாமாவிடம் சொல்ல முடியாத 'வேண்டாம்' ஒவ்வொன்றும் மேசைக்குக் கீழே குனிந்து நாயிடம் சொல்லப்படுகிறது. மீன் போட்டவர் தொடர்ந்து சாப்பிடுகிறார், மீன் தின்றது அடி வாங்குகிறது. இந்தக் கோபத்தில் நாய்க்கு உரியது மிகக் கொஞ்சம், தம்பி.

மாமாவைக் குற்றவாளியாக நிறுத்தவும் எனக்கு மனமில்லை. ஆயுள் முழுக்க வேலைக்குப் போய் வந்தவர் இப்போது வீட்டில் இருக்கிறார், அவர் கையை எதிர்பார்த்து ஒரு சீவன் காத்திருக்கிறது. அதை நிறுத்தச் சொன்னால் ஒளித்துக் கொடுப்பார். கொடுக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மீன் துண்டை அவர் தன் கோப்பை ஓரத்தில் எடுத்து வைக்கட்டும். எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும் முள்ளை எடுத்துவிட்டு, பின் விறாந்தையில் பிரவுணியின் தட்டில் அவரே போடட்டும். மேசைக்குக் கீழே எதுவும் விழக்கூடாது. ஆறு பேர் கொடுக்காமல் ஒருவர் எப்போதாவது கொடுத்தால், நாள்தோறும் கொடுத்துப் பழகியதை விட அந்த இரத்தல் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். நிறுத்திய முதல் சில நாட்கள் பிரவுணி முன்பை விடக் கூடுதலாக முனகும், காலைச் சுரண்டும். அது குறைவதற்கு முன்னால் ஒருமுறை கூடும் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் யாராவது இரங்கினால், இவ்வளவு சத்தம் போட்டால்தான் கிடைக்கும் என்று அது படித்துவிடும்.

அந்தப் பின் விறாந்தைதான் சின்னவனுக்கும் பாதுகாப்பு. நாய் சாப்பிடும்போது இடையில் கதவு பூட்டியிருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது போதாது, அந்த ஓரிரண்டு விநாடிக்குள் யாரும் பாய்ந்து தூக்க முடியாது. இனி யாரும் அதன் வாயிலிருந்து எதையும் பறிக்க வேண்டாம். 'சாப்பிடும்போது தட்டுக்குள் கையை வைத்துப் பழக்கு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது நெருப்பில் எண்ணெய் ஊற்றும் வேலை.

பிறகு நீங்கள் தனியாக இதைச் செய்யுங்கள். பிரவுணி தன் தட்டில் சாப்பிடும்போது தூரத்தில் நில்லுங்கள். அது உடம்பைத் தளர்வாக வைத்து மென்றுகொண்டே இருக்கும் தூரம் எது என்று பாருங்கள், எட்டு அடியோ பத்து அடியோ. அங்கிருந்தபடியே தட்டில் இருப்பதை விட ருசியான ஒன்றை, நகத்தளவு அவித்த கோழித் துண்டை, தட்டுப் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். ஒரு சாப்பாட்டுக்கு நாலைந்து தடவை போதும். உங்களைக் கண்டதும் தலையைத் தூக்கி வாலைத் தளர்வாக ஆட்டத் தொடங்கினால் ஒரு அடி முன்னால் வரலாம். குனிந்து இறுகினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், பழைய தூரத்துக்குப் போங்கள். ஆள் வந்தால் பறிபோகும் என்று படித்தது, ஆள் வந்தால் கூடுதலாக வரும் என்று மாற வேண்டும். வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் எடுக்கும். நாய் சரியாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் சின்னவனை இந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். அவன் வளரும் வரைக்கும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதவு பூட்டியே இருக்கட்டும்.

இடையில் ஒருநாள் பிரவுணி திரும்பவும் உறுமக்கூடும். அன்றைக்குத் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். அது மறுபடியும் உங்களிடம் சொல்லத் துணிந்திருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்று, மெதுவாக விலகுங்கள்.

இந்தக் கிழமையே மிருக வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். பல்லிலோ காதிலோ நோவு இருந்தால் எந்த நாயும் இப்படி இறுகும். விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருடத்துக்குப் போட்டாகிவிட்டதா என்றும் பாருங்கள். பல் கொஞ்சம் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மாமாவிடம் மனைவி மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். சாப்பாட்டு மேசையிலும் வேண்டாம். பின்னேரம் அவர் தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் இருந்து, நாயைப் பற்றித் தொடங்காமல் பேரனைப் பற்றித் தொடங்குங்கள். 'மாமா, பிரவுணி சாப்பிடேக்க சின்னவன் கிட்டப் போனா அது விறைச்சு நிக்குது, எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள்தான் இதுக்கு உதவ வேணும்' என்று சொல்லுங்கள். மனைவியின் அக்காவுக்கும் அவருடைய கணவருக்கும் அன்றிரவே தெரியப்படுத்துங்கள். அவர்கள் பிள்ளை அது, உங்களுக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.