விற்காமலே எப்படிப் பணம் கழிகிறது?

கேள்வி: 1,10,000 ரூபாய் போட்டு கோல்டு மினி ஃபியூச்சர்ஸ் ஒரு லாட் 1,00,000 ரூபாய் விலைக்கு வாங்கினேன். அன்று 99,400இல் முடிந்தது, மறுநாள் 98,700. நான் விற்கவே இல்லை, ஆனால் 13,000 ரூபாயை எடுத்துக்கொண்டு இன்னும் 1,700 கேட்கிறார்கள். விலை ஏறினால் இது திரும்ப வருமா?

வரும். ஆனால் அதற்கு நீங்கள் வாங்கிய பொசிஷன் மூடப்படாமல் உயிரோடு இருக்க வேண்டும்.

பங்கு வாங்கினால் விற்கும்வரை நஷ்டம் காகிதத்தில்தான். ஃபியூச்சர்ஸில் அப்படிக் கிடையாது, அன்றன்று பைசல். வர்த்தகம் முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் அன்றைய செட்டில்மென்ட் விலையை அறிவிக்கும். விலை குறைந்தால் வாங்கியவர் கணக்கிலிருந்து எடுத்து விற்றவருக்குக் கொடுத்துவிடும். மறுநாள் கணக்கு அந்தப் புது விலையிலிருந்துதான் தொடங்கும்.

கோல்டு மினி லாட் 100 கிராம், விலை சொல்வது 10 கிராமுக்கு. அதனால் விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் உங்களுக்குப் பத்து ரூபாய். முதல் நாள் 600 இறங்கியது, 6,000 போய் 1,04,000 மீதி. இரண்டாம் நாள் 99,400இலிருந்து 700 இறங்கியது, 7,000 போய் 97,000.

சரி, அந்த 1,700? பொசிஷனை வைத்திருக்க கணக்கில் எப்போதும் இருக்க வேண்டிய ஈட்டுத் தொகைதான் மார்ஜின். உங்கள் மார்ஜின் லாட் மதிப்பில் 10 சதவீதம் என்று தெரிகிறது. 98,700 விலையில் லாட்டின் மதிப்பு 9,87,000, அதற்கு 98,700 ரூபாய் இருக்க வேண்டும். இருப்பது 97,000. இடைவெளிதான் அது. ஆரம்ப மார்ஜின் ஒன்று, அதற்குக் கீழே பராமரிப்பு மார்ஜின் இன்னொன்று என்று அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அங்கே இருப்பு பராமரிப்பு மார்ஜினுக்குக் கீழே போனால்தான் பணம் கேட்பார்கள். நம் ஊரில் அந்தச் சலுகை இல்லை, கேட்கும் மார்ஜின் முழுதாக இருக்க வேண்டும். அந்தச் சதவீதமும் நிலையானதல்ல. சந்தை ஆட்டம் கூடி 11 சதவீதம் ஆனால், விலை அசையாமலே இன்னும் 9,870 தேவைப்படும்.

1,700ஐப் போடாவிட்டால் புரோக்கர் பொசிஷனை மூடிவிடலாம். 98,700இல் மூடினால் 13,000 போனது போனதுதான், அப்புறம் தங்கம் ஏறினாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை. பங்குகளை அடகு வைத்து மார்ஜின் காட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். மார்ஜினுக்கு அது உதவும். தினசரி நஷ்டத்தை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும்.

பணம் போட்டுத் தாக்குப்பிடித்து, மூன்றாம் நாள் 1,00,000க்கே விற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய காண்ட்ராக்ட் நோட் 13,000 லாபம் என்று காட்டும், ஏனென்றால் அது 98,700இலிருந்து கணக்கிடுகிறது. இதைப் பார்த்து லாபம் என்று சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்று நாள் லெட்ஜரையும் சேர்த்துக் கூட்டினால் மைனஸ் 6,000, மைனஸ் 7,000, பிளஸ் 13,000. மிச்சம் பூஜ்யம், அதிலும் தரகும் வரியும் கழியும்.