மேல்தளத்தில் 1.9 பார்தான் வருகிறது: பெரிய பம்ப் தேவையா?

கேள்வி: எங்கள் கட்டடத்தில் ஃபயர் பம்ப் அடித்தளத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 2280 லிட்டர், 100 மீட்டர் ஹெட். மேல்தள ஹைட்ரன்ட் பம்பை விட 62 மீட்டர் உயரத்தில். வால்வு மூடியிருந்தால் ரைசர் உச்சி கேஜில் 5.6 பார் காட்டுகிறது. இரண்டு வாயையும் திறந்து மீட்டரில் 1800 லிட்டர் ஓடவிட்டால் 1.9-க்கு இறங்கிவிடுகிறது. 3.5 வேண்டும். பெரிய பம்ப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? ரைசர் 100 மி.மீ, பம்ப் ரூமிலிருந்து ரைசர் அடி வரை 150 மி.மீ.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் அழுத்தம் குறையவில்லை, வழியில் தொலைகிறது. எங்கே தொலைகிறது என்று தெரியாமல் பம்பை மாற்றினால், புது பம்பின் அழுத்தமும் அதே இடத்தில்தான் போகும்.

முதலில் அந்த 5.6-ஐப் பார்ப்போம். தண்ணீர் ஓடாதபோது உராய்வு கிடையாது, உயரம் மட்டும்தான் அழுத்தத்தைத் தின்னும். 62 மீட்டருக்கு 6.1 பார். ஆக பம்ப் கொடுத்தது 11.7 பார், கிட்டத்தட்ட 119 மீட்டர். 100 மீட்டர் ஹெட் பம்ப் மூடிய நிலையில் 120-ஐ ஒட்டித் தருவது இயல்பே. இம்பெல்லரும் வேகமும் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: அந்த நேரத்தில் ஓடியது மெயின் பம்ப்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஜாக்கி பம்ப் ஏற்றி வைத்த அழுத்தமே கேஜில் நின்றிருந்தால், அது மெயின் பம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அடுத்து 1800 லிட்டர் ஓடும்போது என்ன வர வேண்டும் என்று பார்ப்போம். அந்த ஓட்டத்தில் உங்கள் பம்ப் சுமார் 105 மீட்டர், அதாவது 10.3 பார் தரும் என்று எடுத்துக்கொள்கிறேன். பம்பின் கர்வைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். உராய்வுக்கு ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரம்:

```
p = 6.05e5 * Q^1.85 / (C^1.85 * d^4.87)
```

இதில் p ஒரு மீட்டருக்கு எத்தனை பார், Q நிமிடத்துக்கு லிட்டர், d குழாயின் உள்விட்டம் மி.மீட்டரில். C குழாயின் உட்புறம் எவ்வளவு வழவழப்பு என்பதைக் காட்டும் எண்; நல்ல நிலையிலுள்ள எஃகுக் குழாய்க்கு அது 120. உங்கள் 150 மி.மீ குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 155. 100 மீட்டருக்கு 0.2 பார்தான் போகும். 100 மி.மீ குழாயின் உள்விட்டம் 105. அதே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு 1.3 பார் போகிறது. ஆறு மடங்குக்கும் மேல்! விட்டத்தின் அடுக்கு 4.87 என்பதுதான் காரணம்.

கீழே ஓடும் குழாயை, பெண்டு, வால்வு எல்லாம் சேர்த்து, 100 மீட்டர் என்று கொண்டால் இழப்பு 0.2 பார். ரைசர், ஃபிட்டிங்குகளோடு 80 மீட்டர் என்றால் 1.0 பார். எனவே 10.3-இல் 6.1, 0.2, 1.0 போக உச்சியில் 3.0 பார் நிற்க வேண்டும். நீங்கள் பார்த்தது 1.9. கணக்கில் வராத இழப்பு 1.1 பார்.

இதற்குச் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, குழாயின் உட்புறம். துருவேறி C 100-க்கு இறங்கியிருந்தால் இழப்பு 1.4 மடங்காகும், உங்கள் கணக்கில் சுமார் அரை பார் கூடும். இன்னொன்று பம்ப் ரூம். அதற்குத்தான் அதிக வாய்ப்பு.

பிரித்துப் பார்க்க மூன்று கேஜ் போதும்: பம்பின் சக்ஷன் வாயில் ஒன்று (பூஜ்யத்துக்குக் கீழும் காட்டும் வகை), டிஸ்சார்ஜ் வாயில் ஒன்று, ஒருவழி வால்வையும் கட்டுப்பாட்டு வால்வையும் தாண்டி ஹெடரில் ஒன்று. மேலே 1800 லிட்டர் ஓடும்போது மூன்றையும் ஒரே நேரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஹெடரில் 10.2 வந்தால் பம்ப் ரூமில் குற்றமில்லை, குழாயைப் பாருங்கள். டிஸ்சார்ஜில் 9.8, ஹெடரில் 9.2 என்று வந்தால் நடுவிலே 0.6 பார் போகிறது. ஒருவழி வால்வின் தட்டு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது பட்டர்ஃப்ளை வால்வின் கைப்பிடி திறந்ததாகக் காட்டினாலும் உள்ளே தட்டு பாதியில் நிற்கிறது.

சக்ஷன் கேஜை அலட்சியப்படுத்தாதீர்கள். தொட்டி நீர்மட்டம் பம்புக்கு மேலே இருக்கும்போதும் ஓட்டத்தில் முள் பூஜ்யத்துக்குக் கீழே போனால், ஸ்ட்ரெயினர் அடைத்திருக்கிறது, அல்லது சக்ஷன் குழாய் சிறியது, அல்லது அமைப்பே தவறு. பம்ப் ரூமில் இடம் பற்றாமல் சக்ஷன் வாயை ஒட்டியே பெண்டு வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். ஸ்ப்ளிட் கேஸ் பம்பில் அந்தப் பெண்டு ஷாஃப்டுக்கு இணையான தளத்தில் இருந்தால், தண்ணீர் இம்பெல்லரின் ஒரு பக்கம் அதிகமாகப் போகும். அதனால்தான் அப்படி வைத்தால் வாய்க்கு முன்னே குழாய் விட்டத்தைப்போல் பத்து மடங்கு நேர்குழாய் விடச் சொல்கிறது என்.எஃப்.பி.ஏ 20. ரிடியூசர் மையம் மாறிய வகையாக, தட்டையான பக்கம் மேலே இருக்க வேண்டும்; சாதாரண ரிடியூசர் என்றால் மேலே காற்று தங்கும். முள் துள்ளும், உள்ளே சரளைக்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும்.

அப்புறம் டெஸ்ட் லைன். தொட்டிக்குத் திரும்பும் அந்த வால்வு சற்றே திறந்திருந்தால், பம்ப் தரும் தண்ணீரில் ஒரு பங்கு மீட்டருக்கு வராமலே போய்விடும். அழுத்தம் தணிக்கும் வால்வை மிகக் குறைவாக செட் செய்திருந்தாலும் இதே கதைதான். சோதனையின்போது தொட்டிக்குள் எட்டிப் பாருங்கள். அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, எல்லாம் சரிசெய்தாலும் 3.0 தானே, 3.5 எங்கே என்பீர்கள். உண்மைதான். மிச்சக் குறைக்குக் காரணம் 100 மி.மீ ரைசர். அதை 150 ஆக்கினால் ரைசர் இழப்பு 0.16 பாராகச் சுருங்கி, உச்சியில் 3.8 கிடைக்கும். ஆனால் 62 மீட்டர் குழாயைப் பிடுங்கி மாற்றுவதற்கு முன், இன்னொரு படிக்கட்டில் ரைசர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே ஹெடரிலிருந்து தண்ணீர் பெற்றால், உச்சியில் இணைத்துவிடலாம். ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர் ஓடும். பாதி ஓட்டத்தில் உராய்வு 0.28 பங்காகக் குறையும், அதாவது 1.0 பார் 0.3 ஆகும். இணைப்புக் குழாயில் கொஞ்சம் போனாலும் சுமார் 3.6 நிற்கும். ஒன்றைப் பழுதுக்காக மூடினால் மற்றது ஓட, இரண்டுக்கும் தனித்தனித் தடுப்பு வால்வு வையுங்கள். அப்போது இழப்பு பழையபடி ஏறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரிய பம்பால் மட்டும் இந்த 1.6 பாரை ஈடுகட்ட நினைத்தால் ஹெட் 116 மீட்டர் ஆகும். மூடிய நிலையில் அடித்தளத்தில் 13.6 பார் வரை ஏறலாம். கீழ்த்தளத்து ஹோஸை ஆள் பிடிக்க முடியாது. அங்கெல்லாம் அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டிவரும். ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் 3.5 இந்திய நேஷனல் பில்டிங் கோட் கேட்கும் அளவு. என்.எஃப்.பி.ஏ 14 கேட்பதோ 6.9 பார். அதைத்தான் பின்பற்ற வேண்டுமென்றால், உயரத்துக்கே 6.1 போக 4.2 தான் மிஞ்சுகிறது. எந்தக் குழாயைப் போட்டாலும் இந்தப் பம்ப் எட்டாது.

மறுசோதனையை நாசில் மாட்டிச் செய்யாதீர்கள். 20 மி.மீ நாசிலில் 3.5 பாருக்கு 500 லிட்டர்தான் போகும். இரண்டு ஹோஸ் சேர்ந்தும் 1000. அந்த ஓட்டத்தில் உராய்வு 1800-இல் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், கேஜ் நன்றாகவே காட்டும். மீட்டரை வைத்து 1800 ஓடவிட்டு, மூன்று கேஜையும் உச்சி கேஜையும் சேர்த்தே எழுதுங்கள்.