ஒரு மார்க் கேள்விகளைப் போட்டோவிலிருந்து கஹூட்டுக்குக் கொண்டுபோவது

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். சமூக அறிவியல் ஒரு மார்க் கேள்விகள் 14 பக்கம் போட்டோவாக இருக்கிறது, விடைகள் மட்டும் கடைசிப் பக்கத்தில் தனியாக. கஹூட்டில் ஏற்ற எல்லாவற்றையும் உட்கார்ந்து டைப் அடிக்கணுமா?

பதில்: விடைகளை மட்டும் அடித்தால் போதும்.

முதலில் போட்டோ. பக்கம் இரண்டு பத்தியாக அச்சாகியிருந்தால் நடுவில் வெட்டி இரண்டு படமாக்கிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் கூகுள் இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் ஒன்றாகப் படித்து, 3ஆம் கேள்வியின் வாலில் 9ஆம் கேள்வி ஒட்டிக்கொண்டு வரும், அதைப் பிரிப்பதற்குப் புதிதாக அடித்துவிடலாம். படம் 2 எம்பிக்குள், நேராக நிமிர்ந்து இருக்கட்டும். கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து "Open with" போய் "Google Docs" கொடுத்தால் படத்துக்குக் கீழே எழுத்து வந்து நிற்கும். தமிழும் வரும்.

வந்த எழுத்து வரி வரியாக உடைந்திருக்கும். நமக்கு ஒரு கேள்வி, அதன் நான்கு விடைகளோடு சேர்ந்து ஒரே வரியில் வேண்டும். நோட்பேட்++ல் ஒட்டி, Replace பெட்டியில் "Regular expression" தேர்ந்தெடுத்து, Find இடத்தில் இதைப் போட்டு, Replace இடத்தில் ஒரு வெற்று இடைவெளி கொடுங்கள்:

```
\R(?!\d+[.)])
```

எண்ணில் தொடங்காத வரிகள் எல்லாம் மேல் வரியோடு ஒட்டிக்கொள்ளும். பொருத்துக, கூற்று–காரணம் மாதிரி கேள்விகளுக்கு உள்ளேயே 1, 2 என்று எண் வருமே, அவை இதில் உடைந்துபோகும். அவற்றை முன்கூட்டியே வெட்டி வேறு இடத்தில் வைத்துவிட்டுக் கையால் செய்யுங்கள், சூத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இப்போது கூகுள் ஷீட்டில் A2 முதல் ஒட்டுங்கள். ஒரு வரி இப்படி இருக்கும்: "7. வேலூர் புரட்சி நடந்த ஆண்டு எது? அ) 1801 ஆ) 1806 இ) 1857 ஈ) 1947". B2ல் இது:

```
=REGEXEXTRACT(A2,"^\d+[.)]\s*(.+?)\s*\(?அ\)\s*(.+?)\s*\(?ஆ\)\s*(.+?)\s*\(?இ\)\s*(.+?)\s*\(?ஈ\)\s*(.+)$")
```

கேள்வி Bயிலும் நான்கு விடைகள் C முதல் F வரையும் தானாகப் போய் உட்காரும். கீழே இழுத்துவிடுங்கள். எந்த வரியில் #N/A வருகிறதோ அங்கே கூகுள் எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கிறது என்று அர்த்தம்: பெரும்பாலும் ஆ என்பது அ ஆகியிருக்கும், இல்லை ஈ காணாமல் போயிருக்கும். A நிரலில் அந்த ஒரு எழுத்தைத் திருத்தினால் சரியாகிவிடும். SPLIT ஏன் வேண்டாம் என்றால், "1-3" மாதிரி விடையை அது தேதியாக மாற்றிவிடும், ஒரு முறை வகுப்பு நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தேன்.

அப்புறம் விடைப் பக்கம். அதைப் படிக்க வைக்கவே வேண்டாம். தனித்தனியாக நிற்கும் அ, ஆ எழுத்துகளில்தான் பிழை அதிகம் வரும், முன்பின் சொல் இல்லாததால் அது பிழை என்று தெரியவும் தெரியாது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் G நிரலில் 1, 2, 3, 4 என்று அடித்துக்கொண்டே போகலாம். கஹூட்டுக்கும் சரியான விடை இந்த எண்ணாகத்தான் வேண்டும். வேலூர் கேள்விக்கு 2. Hல் இதைப் போடுங்கள்:

```
=INDEX(C2:F2,G2)
```

எண்ணுக்குப் பதில் விடையே தெரியும். கேள்வியையும் Hஐயும் சேர்த்து ஒரு தரம் வாசித்துவிடுங்கள். வேலூர் புரட்சிக்கு எதிரே 1857 என்று நின்றால், விடை அடிக்கும்போது ஒரு வரி நழுவியிருக்கிறது. அங்கிருந்து கீழே உள்ளவையும் தப்பாகத்தான் இருக்கும், எனவே முதலில் எங்கே நழுவியது என்று மேலே போய்த் தேடுங்கள்.

கடைசியாக, கேள்விகளை மொத்தமாக ஏற்றுவதற்குக் கஹூட் தரும் மாதிரிக் கோப்பில் கேள்விக்கு 120 எழுத்து, விடைக்கு 75 என்று வரம்பு உண்டு. நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கை நம்பாதீர்கள், "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து, ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் தனியாக எண்ணப்படும். =LEN(B2) போட்டுப் பார்த்து, நீண்ட கேள்விகளைச் சுருக்குங்கள். மாதிரிக் கோப்பையும் கூகுள் ஷீட்டிலேயே திறந்து, மேலே உள்ள அறிவுரை வரிகளைத் தொடாமல், B முதல் F வரையும் Gயையும் அதற்குரிய நிரல்களில் Ctrl+Shift+V கொடுத்து ஒட்டுங்கள், நேர நிரலில் 20 அல்லது 30 போடுங்கள். பிறகு .xlsx ஆக இறக்கி, இடையில் எக்செலில் திறக்காமல் அப்படியே ஏற்றுங்கள்.