ஒட்டவைத்த விமானம் ஏன் பொம்மையாகத் தெரிகிறது?

“கைப்பேசியில் எடுத்த மலைக்காட்சி, 4000 பிக்சல் அகலம். வானில் வெள்ளைக் கோடு விட்டுப் பறக்கும் விமானம் ஒன்றைச் சேர்த்தேன். விமானத்தின் நீளம் 400 பிக்சல். நிறத்தைச் சரிசெய்தும் ஒட்டியதுபோலவே இருக்கிறது. கொஞ்சம் மங்கலாக்கினால் போதுமா?”

போதாது. மங்கலாக்கினால் மங்கலான பொம்மை கிடைக்கும். உங்கள் சிக்கல் அளவில் இருக்கிறது.

அதே கைப்பேசியில், பெரிதாக்காமல், நிலாவைப் படம் எடுத்து எத்தனை பிக்சல் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 26 வரும். வழக்கமான பயணிகள் விமானம் சுமார் 37 மீட்டர் நீளம். அது 10 கிலோமீட்டர் உயரத்தில், நம் தலைக்கு நேர் மேலே பறந்தால்கூட நிலாவின் பாதி அகலம் இருக்காது, 10 பிக்சல்தான். உங்கள் படத்தில் அது மலைக்கு மேல் சாய்வாக, தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கிறது. அப்போது தொலைவு இருமடங்காகி 20 கிலோமீட்டர் ஆகிறது. விமானம் 5 பிக்சலாகச் சுருங்குகிறது. நீங்கள் வைத்ததோ 400. அந்த அளவில் தெரிய வேண்டுமானால் அது உங்களிடமிருந்து 260 மீட்டர் தொலைவில்தான் இருக்க வேண்டும். அவ்வளவு அருகே, அவ்வளவு தாழ்வாக வருவது தரையிறங்கும் விமானம். அதற்கு வெள்ளைக் கோடு ஏது?

அந்தக் கோடு, எஞ்சின் வெளியேற்றும் நீராவி உறைந்து உண்டாகும் பனித்துகள். அதற்குச் சுமார் மைனஸ் 40 பாகைக் குளிர் வேண்டும். பொதுவாக 8 கிலோமீட்டருக்கு மேலேதான் அது கிடைக்கும். ஆகவே கோடு வேண்டுமென்றால் விமானம் சிறு புள்ளி. விமானம் பெரிதாக வேண்டுமென்றால் கோடு கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கேட்பதால்தான் கண் ஏற்க மறுக்கிறது.

இந்த ஆசையை வளர்ப்பவர்கள் ‘500 வான் படங்கள்’ என்று தொகுப்பு விற்பவர்கள். நானும் ஒருமுறை காசு கொடுத்து ஏமாந்தவன். பாதி விமானங்கள் விமான நிலைய வேலியோரம் எடுத்தவை. சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் வெள்ளை ஓரம் வேறு. படங்களை விற்றுத் தரும் தளங்களோ வால் பகுதியில் நிறுவன முத்திரை தெரிந்தால் உடனே திருப்பி அனுப்பும். சக்கரம் விரித்த விமானம் பனிக்கோடு இழுத்துக்கொண்டு போனால் வாயே திறக்காது. எத்தனை முறை எழுதினாலும் அச்சடித்த ஒரே பதில்தான் வரும்.

ஒரே விலக்கு, தொலைநோக்கு லென்ஸ். இதைச் சொல்லித்தான் பலர் என்னிடம் வாதாடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். முழுச்சட்டகக் கேமராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, 6000 பிக்சல் அகலப் படம் எடுத்தால், 12 கிலோமீட்டர் தொலைவு விமானம் கோட்டோடு சேர்ந்து 300 பிக்சல் வருவது உண்மைதான். ஆனால் அந்தப் படத்தில் நிலா 900 பிக்சல் இருக்கும். மலைத்தொடர் முழுவதும் அதில் அடங்காது, ஒரு சிகரத்தின் துண்டுதான் தெரியும். அந்த விமானத்தை வெட்டி எடுத்து உங்கள் அகன்ற காட்சியில் அதே அளவில் வைத்தால், ஒரே வானத்தில் இரண்டு லென்ஸ்கள் பார்ப்பதாக ஆகிவிடும். வானமும் விமானமும் ஒரே லென்ஸில் பிடிபட்டவையாக இருந்தால் மட்டுமே இந்த விலக்கு செல்லும்.

ஆகவே விமானத்தை 5 பிக்சலாக்குங்கள். கோட்டை அதன் வாலிலேயே தொடங்காமல் சிறு இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். நீராவி உறையச் சிறிது நேரம் பிடிக்கும். தொடக்கம் மெல்லியதாகவும் பழைய முனை அகன்று கலைந்தும் இருக்கட்டும். ஒரே பருமனில் தூரிகையால் இழுத்த கோடு உடனே காட்டிக்கொடுக்கும். பிறகு விமான லேயருக்கு மட்டும் Levels திறந்து, Output Levels இடப்பக்க முள்ளை வலப்பக்கம் நகர்த்துங்கள். இறக்கையின் அடிநிழல் பக்கத்து வானின் நிறத்தை நெருங்கும்வரை நகர்த்தலாம். அவ்வளவு தொலைவில் கருப்பு என்று எதுவும் மிஞ்சாது.

5 பிக்சல் உங்களுக்குப் போதாதென்றால் விமானத்தை விட்டுவிட்டு வெப்பக்காற்று பலூனை வையுங்கள். 20 மீட்டர் உயரப் பலூன் 570 மீட்டர் தொலைவில் 100 பிக்சல் வரும். கூடைக்கு 7 பிக்சல் கிடைக்கும், உள்ளே நிற்பவர்களின் முகம் தெரியாது. உங்கள் வெளிச்சம் காலையோ மாலையோவாக இருக்கட்டும். காற்று தணிந்த அந்த நேரங்களில்தான் பலூன்கள் பெரும்பாலும் பறக்கும். இரண்டாவது பலூன் வைத்தால் அதைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது. அதே உயரத்தில் பறக்கும் இன்னொன்று பாதி அளவில் தெரிந்தால், தொடுவானத்திலிருந்து அது நிற்கும் இடைவெளியும் பாதியாக வேண்டும். முதல் பலூன் தொடுவானத்துக்கு 800 பிக்சல் மேலே என்றால், இரண்டாவது 400 பிக்சல் மேலே.