ஒரு பஜ்ஜிக்கு எத்தனை கலோரி? வாழைக்காயை விட்டுவிட்டு மாவையும் எண்ணெயையும் எடை போடுங்கள்

கேள்வி: எடை குறைப்பதற்காகச் சாப்பிடுவதை எல்லாம் ஆப்பில் எழுதி வருகிறேன். வாழைக்காய் பஜ்ஜி என்று தேடினால் ஒரு இடத்தில் 60 கலோரி, இன்னொரு இடத்தில் 180 என்று வருகிறது. நானே பொருட்களைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் வாணலியில் ஊற்றிய எண்ணெயைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழப்பம். வீட்டில் செய்யும் பஜ்ஜிக்குச் சரியான கணக்கு எப்படிப் போடுவது? வாழைக்காய்க்குப் பதில் கத்திரிக்காயில் போட்டால் குறையுமா?

பதில்: ஆப்பில் வரும் எண்கள் ஒத்துப் போகாததற்கு முதல் காரணம், "ஒரு பஜ்ஜி" என்பது ஓர் அளவே இல்லை. வீட்டில் சுடும் சின்ன பஜ்ஜி 25 கிராம் இருக்கும். கடற்கரைக் கடையில் உள்ளங்கை நீளத்துக்குப் போடுவது அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். அதனால் 60-ம் சரியாக இருக்கலாம், 180-ம் சரியாக இருக்கலாம். உங்கள் வாணலியிலிருந்து வருவது எவ்வளவு என்று தெரிய ஒருமுறை எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும்.

எண்ணெய் விஷயத்தில் பலர் இரண்டு கோடிக்கும் போவார்கள். வாணலியில் ஊற்றிய அரை லிட்டரையும் பொருள் பட்டியலில் போட்டால் எண்ணெய் மட்டுமே 4,000 கலோரிக்கு மேல் காட்டும். "பொரிக்கத்தானே ஊற்றினேன், அப்படியே மிச்சம் இருக்கிறதே" என்று எதுவும் போடாமல் விட்டால் பஜ்ஜியின் கலோரியில் பாதி காணாமல் போய்விடும். நமக்கு வேண்டியது வாணலியை விட்டுப் போன எண்ணெய் மட்டும்.

அதற்கு இப்படிச் செய்யுங்கள். அடுப்பைப் பற்ற வைக்கும் முன் எண்ணெயோடு வாணலியைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பஜ்ஜி எல்லாம் சுட்டு முடித்து எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு மறுபடி அதே வாணலியை வையுங்கள். சூட்டோடு வைத்தால் தராசு கெட்டுவிடும், கையும் சுடும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் வெளியே போன எண்ணெய். மாவிலிருந்தும் காயிலிருந்தும் வந்த தண்ணீர் ஆவியாகிப் போய்விடுவதால் அது இந்தக் கணக்கைக் கெடுக்காது. நடுவில் எண்ணெய் ஊற்றினால் அதை எடை போட்டுச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். கணக்கு தவறுவது பெரும்பாலும் அங்கேதான். பஜ்ஜியை வைத்து ஒற்றிய தாளையும் முன்னும் பின்னும் எடை போட்டால் அதில் இறங்கியதைக் கழித்துவிடலாம். பஜ்ஜியின் எடையை வைத்து எண்ணெயைக் கண்டுபிடிக்கப் பார்ப்பது மட்டும் வேண்டாம். ஒரு பக்கம் தண்ணீர் வெளியே போகிறது, இன்னொரு பக்கம் எண்ணெய் உள்ளே வருகிறது. முன்பு 30 கிராம் இருந்தது சுட்டபின் 26 கிராம் ஆனால், எண்ணெயே ஏறவில்லை என்று ஆகிவிடாது.

இப்போது ஒரு வாணலிக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தோல் சீவிய வாழைக்காய் 120 கிராம், நீளவாக்கில் 12 துண்டுகள். கடலை மாவு 100 கிராம், அரிசி மாவு 25 கிராம், கரைக்க ஏறத்தாழ 150 மில்லி தண்ணீர், உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம். கடலை மாவும் அரிசி மாவும் 100 கிராமுக்குச் சுமார் 360, 370 கலோரி தருபவை. ஆக மாவு மொத்தம் 460. பாத்திரத்தின் அடியிலும் விரலிலும் ஒட்டி நின்றது பத்தில் ஒரு பங்கு என்று கழித்தால் பஜ்ஜியில் ஏறியது 415 கலோரி. வாணலியில் குறைந்த எண்ணெய் 60 கிராம், தாளில் போனது 6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 54 கிராம். கிராமுக்கு 9 கலோரி வீதம் 486. வாழைக்காய் முழுவதற்கும் 100 கலோரி. எல்லாம் சேர்ந்து 1,000. ஒரு பஜ்ஜிக்கு 83.

அந்த 83-ஐப் பிரித்துப் பாருங்கள். எண்ணெய் 40, மாவு 35, வாழைக்காய் வெறும் 8. பெயர்தான் வாழைக்காய் பஜ்ஜி. கலோரியில் பத்தில் ஒன்பது பங்கு மேலே போர்த்திய மாவும் அது குடித்த எண்ணெயும்.

கத்திரிக்காய் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. பத்து கிராம் கத்திரிக்காய்த் துண்டில் இரண்டு மூன்று கலோரிதான். வாழைக்காயை மாற்றினால் பஜ்ஜிக்கு ஐந்தாறு கலோரி மிச்சம், அவ்வளவே. வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் இதே கதைதான். எது பிடிக்குமோ அதில் போடுங்கள். விதிவிலக்கு பிரெட் பஜ்ஜியும் முட்டை பஜ்ஜியும். அங்கே உள்ளே இருப்பதே கனமானது: ஒரு துண்டு பிரெட் 60, 70 கலோரி, பாதி முட்டை 40 பக்கம். பிரெட்டை மாவில் முக்கும்போதே அது பஞ்சு மாதிரி மாவையும் இழுத்துக்கொள்ளும்.

காயை விட வெட்டும் தடிமன்தான் கணக்கை மாற்றும். மாவு ஒட்டுவதும் எண்ணெய் ஏறுவதும் துண்டின் மேற்பரப்பில். அதே 120 கிராம் வாழைக்காயை 12-க்குப் பதில் 18 துண்டாகச் சீவினால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அதே அளவு மாவை எடுத்துக்கொள்ளும். மாவு போதாமல் கூடக் கரைக்க வேண்டிவரும். மொத்தம் 1,000 என்று இருந்தது 1,450-க்குப் போய்விடும். தாள் போலச் சீவினால் லேசான பஜ்ஜி என்று தோன்றும், உண்மையில் அது காய் குறைந்த பஜ்ஜி. அரை விரல் தடிமனுக்கு வெட்டி, நிதானமாக வேகவிட்டால் அதே மாவுக்குள் காய் கூடுதலாக இருக்கும்.

மாவின் பதமும் அப்படியே. தோய்த்துத் தூக்கினால் துண்டு முழுவதும் மூடியிருக்க வேண்டும். மிச்ச மாவு நாடாவாக வழிந்து இறங்க வேண்டும். கெட்டியாக இருந்தால் வழியாமல் தடித்த சட்டையாக நிற்கும், அதில் மாவுக் கலோரி கூடும். தண்ணீராக இருந்தால் ஆவியாக வேண்டிய நீர் அதிகம், எண்ணெய் புக இடமும் அதிகம்.

எண்ணெய் உள்ளே போவது எப்படி என்று தெரிந்தால் எதைச் செய்தால் குறையும் என்பதும் புரியும். பஜ்ஜி எண்ணெயில் கொதிக்கும்போது மாவிலிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே தெரியும் குமிழி அதுதான். அந்த வேகத்துக்கு எதிராக எண்ணெய் அதிகம் உள்ளே புக முடியாது. வெளியே எடுத்ததும் சூடு இறங்கி, உள்ளே மிஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது நீர் போன இடத்தில் இருக்கும் நுண்துளைகள் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆக, பெரும் பங்கு எண்ணெய் ஏறுவது வாணலியை விட்டு எடுத்த முதல் ஒரு நிமிடத்தில். எடுத்ததும் ஜல்லிக் கரண்டியிலேயே எண்ணெய்க்கு மேலே சில நொடி பிடித்து உதறுங்கள். சூடு ஆறும் முன்பே தாளில் போட்டு இரண்டு பக்கமும் ஒற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒற்றினால் தாள் சுத்தமாகவே இருக்கும், எண்ணெய் உள்ளே போயிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் மேலே உள்ளது வடித்ததைக் கீழே உள்ளது குடிக்கும். செய்தித்தாளில் மட்டும் ஒற்றாதீர்கள், மை ஏறும்.

துளை அதிகமானால் எண்ணெயும் அதிகம். ஆப்ப சோடா பஜ்ஜியை உப்ப வைப்பது காற்றறைகளை உண்டாக்கித்தான்; ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் பிட்டுப் பார்க்கும்போது விரலில் எண்ணெய் வழியும். அரிசி மாவு கொஞ்சம் சேர்த்தால் மேல்தோல் சீக்கிரம் இறுகி, எண்ணெய் குடிப்பது குறையும். மாவில் கரண்டிக் கணக்கில் சூடான எண்ணெய் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. காய்ந்த பதம் பார்க்க ஒரு சொட்டு மாவைப் போடுங்கள். உடனே மேலே எழும்பிச் சலசலக்க வேண்டும். அடியில் கிடந்து மெல்ல எழுந்தால் இன்னும் காயவில்லை. ஒரே ஈட்டில் வாணலியை நிரப்பினாலும் சூடு இறங்கி இதே கதிதான். எந்த எண்ணெய் என்பதில் கலோரி வித்தியாசம் இல்லை: கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எல்லாமே கிராமுக்கு 9. பலமுறை காய்ந்த எண்ணெய் கெட்டியாகிப் பஜ்ஜியில் கூடுதலாக ஒட்டும்.

இவ்வளவும் செய்தால் எண்ணெயில் ஒரு பகுதி குறையும். மாவின் 35 கலோரி அப்படியே இருக்கும். குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்டாலும் இதுதான் நிலைமை: எண்ணெய் பாதியாகும், மாவு மாறாது. ஏர் ஃப்ரையரில் கரைத்த மாவு வலை வழியே சொட்டிவிடும், பஜ்ஜிக்கு அது சரிப்படாது.

வெங்காயப் பகோடாவுக்கு ஒரு பஜ்ஜி என்கிற கணக்கே உதவாது, எடைதான் அளவு. 200 கிராம் வெங்காயம், மேலே சொன்ன அதே 125 கிராம் மாவு, 70 கிராம் எண்ணெய் போனால் மொத்தம் 1,200 கலோரி பக்கம் வரும். சுட்டு எடுத்தது 300 கிராம் என்றால் 100 கிராமுக்கு 400. வெங்காயத்தின் தண்ணீர் வற்றி, முனை முனையாக மாவு பொரிந்து நிற்பதால் பஜ்ஜியை விட இது அடர்த்தி. இன்னும் மொறுமொறுப்பாகச் சுட்டால் இன்னும் தண்ணீர் போகும், அதே 100 கிராமில் கலோரி கூடும். கையளவு தூள் பகோடா 50 கிராம் இருந்தால் 200 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கடை பஜ்ஜியில் மாவும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. வாங்கி வந்ததை எடை போட்டு, கிராமை மூன்றரையால் பெருக்குங்கள். 60 கிராம் பஜ்ஜிக்கு 210. இது உத்தேசம்தான், கையில் எண்ணெய் சொட்டும் கடையென்றால் இன்னும் கூட்டிக்கொள்ளலாம். அப்புறம், தொட்டுக்கொண்ட தேங்காய்ச் சட்னி இரண்டு மேசைக்கரண்டியே 50 கலோரி வரும். பலர் ஆப்பில் அதை எழுதுவதே இல்லை.